விட வேண்டிய கேள்வி எது?

பிளஸ் டூ கணிதத் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் பத்துக் கேள்விகள் இருக்கும். ஏழு எழுதினால் போதும். அந்த ஏழில் ஒன்று கட்டாயம். மற்ற ஆறையும் மாணவர் தம் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம். தெரியாததைத் தள்ளிவிட்டுத் தெரிந்ததை எழுதுவதுதான் அங்கே தேர்வு. பள்ளிப் பருவத்தில் நம் எல்லோருக்கும் பழகிப்போன வேலை இது. சிக்கல் என்னவென்றால், இதே பழக்கத்தோடு ஒருவர் யுபிஎஸ்சி குடிமைப் பணிகள் முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடத் தாளுக்கு முன்னால் உட்காரும்போது அது அவரைக் காலை வாரிவிடும். அங்கே தனித்தனிக் கேள்விகளைப் பொறுக்கி எடுக்க முடியாது. மூன்று மூன்றாகக் கட்டிய கட்டுகளைத்தான் எடுக்க முடியும்.

தாளின் அமைப்பைப் பார்க்கலாம். விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். 2013 முதல் இந்த அளவுதான். ஒரு தாளில் எட்டுக் கேள்விகள், நான்கு நான்காக இரண்டு பிரிவுகள். ஐந்து எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். முதல் கேள்வியும் ஐந்தாம் கேள்வியும் கட்டாயம். மீதி ஆறில் மூன்றை நாமே எடுக்கலாம்; ஆனால் பிரிவுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் பதினெட்டு விதங்களில் அந்த மூன்றை எடுக்கலாம். இந்த ஆறு கேள்விகளும் பல தாள்களில் இப்படி உடைந்திருக்கும்: முதல் உட்கேள்விக்கு 20, அடுத்த இரண்டுக்கும் தலா 15. மூன்றும் ஒரே பாடத்திலிருந்து வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெபரைப் பற்றிய உட்கேள்விக்குக் கீழே கள ஆய்வு முறை பற்றி ஒன்றும், அதற்குக் கீழே இன்னொரு சிந்தனையாளர் பற்றி ஒன்றும் வந்து நிற்கும்.

மாணவர்கள் பெரும்பாலோர் 20 மதிப்பெண் உட்கேள்வியைப் பார்த்துத்தான் கட்டை எடுக்கிறார்கள். அது மேலே இருக்கிறது, பெரியதாக இருக்கிறது, முதலில் கண்ணில் படுகிறது. நன்றாகப் படித்த தலைப்பு என்றால் மனம் உடனே அதற்கு இடம் போட்டுவிடுகிறது. கீழே இருக்கும் இரண்டையும் "ஏதாவது எழுதிக்கொள்ளலாம்" என்ற கணக்கில் பார்க்கிறார்கள். நான் திருத்தும் மாதிரித் தாள்களில் மதிப்பெண் கொட்டிப்போகும் இடம் அனேகமாக இதுதான்.

இந்தத் தேர்வில் மதிப்பெண் விழும் விதத்தைக் கவனித்தால் காரணம் புரியும். விருப்பப் பாடத்தில் ஐந்நூறுக்கு முந்நூறு வாங்கினால் அது பெரிய மதிப்பெண். அதாவது மிக நல்ல தாள்களுக்கும் அறுபது சதவீதத்தை ஒட்டித்தான் கிடைக்கிறது. ஆகவே 20 மதிப்பெண் உட்கேள்விக்குச் சுமாராக எழுதினால் எட்டோ ஒன்பதோ வரும். பிரமாதமாக எழுதினால் பன்னிரண்டு வரலாம். பிரமாதத்துக்கும் சுமாருக்கும் இடையே மூன்று, நான்கு மதிப்பெண்தான். 15 மதிப்பெண் உட்கேள்வியில் சுமாரான பதிலுக்கு ஆறோ ஏழோ கிடைக்கும். விஷயமே தெரியாமல் சுற்றி வளைத்து எழுதினால் ஒன்று, இரண்டு. இங்கே இடைவெளி ஐந்து. ஆக, நன்றாகத் தெரிந்த ஒன்றால் கிடைக்கும் லாபத்தைவிடத் தெரியாத ஒன்றால் வரும் நஷ்டம் பெரிது. கட்டின் விலையைத் தீர்மானிப்பது அதில் இருக்கும் மோசமான உட்கேள்விதான். கேள்வியை மேலிருந்து கீழாகப் படித்தாலும், எடை போடும்போது கீழிருந்து தொடங்குவது நல்லது.

சமூகவியல் எடுத்திருந்த ஒரு மாணவியின் முதல் தாள் மாதிரித் தேர்வை வைத்து இதைப் பார்க்கலாம். அந்தத் தாளின் இரண்டாம் கேள்வியில் முதலில் மேக்ஸ் வெபர்: புராட்டஸ்டண்ட் ஒழுக்க நெறிக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள தொடர்பை விமர்சன நோக்கில் ஆராய்க. அடுத்தது, ஆய்வாளர் தாம் ஆராயும் மக்களோடு கலந்து வாழ்ந்து கவனிக்கும் முறையின் வரம்புகள். மூன்றாவது டால்காட் பார்சன்ஸின் 'பேட்டர்ன் வேரியபிள்ஸ்'. மூன்றாம் கேள்வியில் மார்க்சின் வரலாற்றுப் பொருள்முதல்வாதம், மாதிரியெடுப்பு முறைகள், மீட் சொல்லும் 'தன்னிலை'. நான்காம் கேள்வியில் தற்கொலை பற்றிய துர்கைமின் ஆய்வு, மெர்ட்டனின் ஒப்புநோக்குக் குழு, ஆய்வுக் கருவியின் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும்.

அவளுக்கு வெபர் தலைகீழ்ப் பாடம். பார்சன்ஸைப் படிக்காமல் தள்ளி வைத்திருந்தாள். ஆனாலும் இரண்டாம் கேள்வியைத்தான் எடுத்தாள். இரண்டாம் பிரிவில் சமூக அடுக்கமைவு பற்றிய ஆறாம் கேள்வியையும், வளர்ச்சியும் சார்புநிலையும் பற்றிய எட்டாம் கேள்வியையும் எடுத்தாள். எட்டில் கடைசி உட்கேள்வி சமயப் பிரிவுகள் பற்றியது; அதுவும் அரைகுறைதான்.

தாளைத் திருத்தும் முன், எழுதியது எழுதாதது என்று பாராமல் ஆறு கேள்விகளின் உட்கேள்வி ஒவ்வொன்றுக்கும் தனக்கு என்ன மதிப்பெண் வரும் என்று அவளையே எழுதித் தரச் சொன்னேன். வெபர் கட்டுக்கு 12, 8, 2 போட்டாள், கூட்டினால் 22. மூன்றாம் கேள்விக்கு 10, 7, 7, மொத்தம் 24. நான்காம் கேள்விக்கு 9, 7, 7; மொத்தம் 23. ஆறாம் கேள்விக்கு 25, ஏழுக்கு 21, எட்டுக்கு 22. அதாவது அவள் மதிப்பீட்டின்படியே அவள் எடுத்த இரண்டு, ஆறு, எட்டு மூன்றும் சேர்ந்தால் 69. எடுக்காமல் விட்ட மூன்றையும் நான்கையும் ஆறோடு சேர்த்திருந்தால் 72. எழுதிய தாளைப் பார்த்தபடி அவள் கேட்டது: "அதுக்காக வெபரை எப்படி சார் விட முடியும்?"

மூன்று மதிப்பெண் வித்தியாசம் பெரிதல்ல என்று தோன்றலாம். திருத்தி முடித்தபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. வெபர் கட்டுக்கு வந்தது 10, 7, 1. எட்டாம் கேள்விக்கு 19. ஆறாம் கேள்விக்கு 24. ஆக மொத்தம் 61. வெபர் பதிலைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். கால்வின், விதிக்கோட்பாடு, சிக்கனம் எல்லாம் இருந்தன. கேள்வி கேட்ட விமர்சனம் மட்டும் கடைசி நான்கு வரியில் முடிந்திருந்தது. தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே எழுதச் சொல்லியிருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது: அந்த ஒரு பதிலுக்கு 21 நிமிடம் போயிருந்தது. 14 நிமிடத்தில் முடித்திருக்க வேண்டியது. மீதி ஏழு நிமிடம் எட்டாம் கேள்வியின் கடைசிப் பதிலிலிருந்து போனது. அது பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது.

அடுத்த வாரம், இடையில் புத்தகத்தைப் புரட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு, விட்டுவிட்ட மூன்றையும் நான்கையும் நேரம் வைத்து எழுதச் சொன்னேன். 23, 22 வந்தன. ஆறாம் கேள்வியின் 24-ஐச் சேர்த்தால் 69. அவள் உண்மையில் வாங்கியதைவிட எட்டு அதிகம். முழுத் தாளின் களைப்பு இல்லாமல் எழுதியதால் இதில் ஒன்றிரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கழித்தாலும் தேர்வு தப்பு என்பதில் சந்தேகமில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது அவளுடைய மதிப்பீடு எந்தத் திசையில் பிசகியது என்பது. நன்றாகத் தெரிந்த வெபருக்கு அவள் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டாள். ஆர்வம் தராத மாதிரியெடுப்பு முறைக்கு 7 போட்டாள், 7-ஏ வந்தது. பிடித்த தலைப்பில் தன்னை உயர்த்தி மதிப்பிடுவது அவளுக்கு மட்டும் உள்ள குணமல்ல. படித்தது முழுவதையும் கொட்டத் தோன்றும்; கேட்டது என்ன என்பது மங்கும்; கை நிற்காது. வறண்ட தலைப்பில் சொல்ல நான்கு விஷயம்தான் இருக்கும், நான்கையும் எழுதிவிட்டு நேரத்துக்குள் நிறுத்திவிடுவோம். எனவே மாதிரித் தேர்வில் பழக வேண்டியவற்றில் முதலாவது இந்தப் பிசகின் அளவைத் தெரிந்துகொள்வது. ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் திருத்தும் முன் தன் மதிப்பீட்டை எழுதி வைத்து, வந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால், நாலைந்து தாள்களுக்குள் ஒருவருக்குத் தெரிந்துவிடும்: எந்த வகைக் கேள்வியில் நான் என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன் என்று.

இனி, எப்போது தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. பலர் முதல் பிரிவைப் படித்து, அதில் கட்டாயக் கேள்வியையும் பிடித்த இரண்டையும் எழுதி முடித்துவிட்டுத்தான் இரண்டாம் பிரிவைத் திருப்புகிறார்கள். அங்கே இரண்டு நல்ல கட்டுகள் காத்திருக்கும். ஆனால் இடம் ஒன்றுதான் மீதம். மூன்றாவது கேள்வி எந்தப் பிரிவிலிருந்து வர வேண்டும் என்பது இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் பேனா தாளில் படும் முன் பதினெட்டு உட்கேள்விகளையும் படித்துவிட வேண்டும். உட்கேள்விக்குச் சுமார் இருபது நொடி. ஆறு நிமிடத்தில் முடிகிற வேலை. மீதி 174 நிமிடத்தை ஐந்து கேள்விகளுக்குப் பிரித்தால் கேள்விக்கு 35 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து மதிப்பெண்ணுக்கு ஏழு நிமிடம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

அந்த இருபது நொடியில் என்ன செய்வது? 'இது எனக்குத் தெரியுமா' என்று கேட்டால் எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். 'வெவ்வேறான நான்கு கருத்தும் ஓர் உதாரணமும் இப்போதே சொல்ல முடியுமா' என்று கேட்க வேண்டும். முடிந்தால் இரண்டு. இரண்டு கருத்தோடு நின்றுவிட்டால் ஒன்று. தலைப்பின் பெயர் மட்டும் நினைவுக்கு வந்தால் பூஜ்யம். பூஜ்யம் உள்ள கட்டை முதலில் ஒதுக்கி வைக்கிறோம். எஞ்சியதில் ஒன்றுகள் குறைவாக உள்ள கட்டுகளை எடுக்கிறோம். எல்லாக் கட்டிலும் பூஜ்யம் இருக்கும் மோசமான நாளும் வரும். அன்றைக்குப் பூஜ்யம் 20 மதிப்பெண்ணில் விழாமல் 15-இல் விழும்படி பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதல் சில மாதிரித் தேர்வுகளில் இந்த எண்களைத் தனித் தாளில் எழுதிப் பழகலாம். போகப்போக அந்தத் தாள் தேவைப்படாது. தேவைப்படாத நிலைக்கு வந்தபிறகே உண்மையான தேர்வுக்குப் போவது நல்லது.

இந்தப் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. பழைய வினாத்தாள்கள் யுபிஎஸ்சி இணையதளத்திலேயே கிடைக்கின்றன. 2013-க்குப் பிந்தைய தாள் ஒன்றை எடுத்து, ஆறு நிமிடம் வைத்து, மூன்று கேள்விகளைத் தேர்ந்து, உட்கேள்விகளுக்கான எண்களைப் போட்டுவிட்டு மூடிவிடலாம். மறுநாள் அதே உட்கேள்விகளுக்கு, எண் போட்டபோது மனத்தில் இருந்ததாக நினைத்த நான்கு கருத்துகளை எழுதிப் பார்க்க வேண்டும். 'இரண்டு' போட்ட இடத்தில் கருத்து மூன்றோடு நின்றுபோவதை அப்போது பார்க்கலாம். செலவில்லாத பயிற்சி. ஆனாலும் மாணவர்கள் இதைச் செய்வதில்லை. எழுதாமல் தேர்வு செய்வது மட்டும் ஒரு பயிற்சி என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

முழு மாதிரித் தேர்வில் செய்ய வேண்டியது அந்த மாணவி செய்ததுதான்: விட்ட கேள்வியையும் எழுதிப் பார்ப்பது. எழுதிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண் பார்த்தால் எழுதும் திறமை தெரியும். தேர்ந்தெடுக்கும் திறமை தெரியாது. எடுக்காத கேள்வியில் என்ன வந்திருக்கும் என்று தெரிந்தால்தான் எடுத்தது சரியா என்று சொல்ல முடியும். ஆறையும் எழுதித் திருத்தக் கொடுக்கப் பணமும் நேரமும் இடம் தராது என்பது உண்மை. 'எடுக்கலாமா விடலாமா' என்று கடைசிவரை தடுமாறிய ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதினாலும் போதும். தடுமாறாமல் விட்டதைப் பற்றி அறிந்துகொள்ள அதிகம் இல்லை.

மாதிரித் தாளின் தரத்தையும் பார்க்க வேண்டும். 'டெஸ்ட் சீரிஸ்' நடத்தும் இடங்களில் ஆரம்பத் தாள்கள் அந்த மாதம் நடத்திய பாடங்களிலிருந்தே வரும். அப்போது எல்லாக் கேள்வியும் புதிதாகப் படித்ததாக இருக்கும். எதை எடுத்தாலும் ஒன்றுதான். இன்னொரு குறை, ஒரே பாடத்திலிருந்து மூன்று உட்கேள்வியையும் எடுத்து ஒரு கேள்வியாகக் கட்டிவிடுவது. தாள் தயாரிப்பவருக்கு அது சுலபம். ஆனால் அதில் பழகியவர் 'பாடத்தைத் தேர்ந்தால் கட்டையும் தேர்ந்தாயிற்று' என்று நினைத்துவிடுவார். ஒரு மாதிரித் தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு கேள்வியின் மூன்று உட்கேள்விகளும் எந்தெந்தப் பாடத்திலிருந்து வருகின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒன்றிலிருந்தே வந்தால், அந்தத் தாளை எழுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கும் பயிற்சிக்கு அது உதவாது.

எடுத்த கேள்வியைப் பாதியில் மாற்றலாமா? விதியில் இடமுண்டு. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. வினாத்தாளின் குறிப்பில், எழுதிய கேள்விகள் வரிசைப்படி கணக்கில் கொள்ளப்படும் என்றும், அடித்துவிடாத வரை பாதி எழுதிய கேள்வியும் ஒரு கேள்வியாகவே எண்ணப்படும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாம் கேள்வியில் அரைப் பக்கம் எழுதிவிட்டு, மனம் மாறி வேறு மூன்றை முழுதாக எழுதி, அந்த அரைப் பக்கத்தை அடிக்காமல் விட்டால், அரைப் பக்கம் கணக்கில் சேரும். கடைசியாக உள்ள முழுப் பதில் வெளியே போகும். ஆகவே மாற்றினால் அந்த நிமிடமே குறுக்கே கோடு போட வேண்டும். 'கடைசியில் அடித்துக்கொள்ளலாம்' என்று விட்டால் கடைசியில் நேரம் இருக்காது. இந்தக் கோடு போடுவதையும் மாதிரித் தேர்வில் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்ப்பது நல்லது.

மாற்றுவதற்கு நான் வைத்திருக்கும் எல்லை: முதல் உட்கேள்வியில் ஐந்து நிமிடம் தாண்டாத வரை மாற்றலாம். அதற்குப் பிறகு, மூன்றாவது உட்கேள்வி எதிர்பார்த்ததைவிட மோசம் என்று தெரிந்தாலும், அதற்குத் தெரிந்த இரண்டு கருத்தை எழுதிவிட்டு நகர்வதுதான் மலிவு. பதினைந்து நிமிட உழைப்பை அடித்துவிட்டுப் புதிய கட்டைத் தொடங்குபவர் 50 மதிப்பெண் கேள்வியை இருபது நிமிடத்தில் எழுதப் பார்க்கிறார்.

இதெல்லாம் தேர்வறையில் நடப்பது. ஆனால் தேர்வு செய்யும் உரிமை படிக்கும் மேசையிலேயே பாதி கரைந்துவிடுவதுண்டு. "மூன்று கேள்வியை விடலாமே, அப்படியானால் இரண்டு பாடத்தையும் விடலாம்" என்பது பரவலான கணக்கு. மூன்று உட்கேள்விகளும் வெவ்வேறு பாடத்திலிருந்து வரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அந்த மாணவி படிக்காமல் விட்டது பார்சன்ஸ், உறவுமுறை அமைப்பு, சமயப் பிரிவுகள் என்று மூன்றே சிறு தலைப்புகள். பார்சன்ஸ் இரண்டாம் கேள்வியைக் கெடுத்தது, உறவுமுறை ஏழாம் கேள்வியை, சமயப் பிரிவுகள் எட்டாம் கேள்வியை. ஆறு கட்டுகளில் மூன்று பழுதாகி, பழுதில்லாதவை மூன்று, நான்கு, ஆறு என்று மூன்றுதான் மிஞ்சின. பதினெட்டு வழியில் அவளுக்கு நல்ல வழி ஒன்றுதான் இருந்தது. அதிலும் ஒன்றில் ஒரு தலைப்பு போயிருந்தால் அதுவும் இல்லை. கட்டாயக் கேள்விகள் இரண்டிலும் ஐந்து ஐந்தாக வரும் பத்துச் சிறு கேள்விகளில் அந்தத் தலைப்புகள் தலைகாட்டினால் ஒதுங்கவும் இடமில்லை.

அவள் அதற்கடுத்த வாரம் செய்தது, வெபரை மறுபடி படிப்பதை நிறுத்திவிட்டு, அந்த மூன்று தலைப்புகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் குறிப்பெழுதியது. நான்கு கருத்து, ஓர் உதாரணம், ஒரு விமர்சனம். 15 மதிப்பெண்ணில் ஆறு வாங்க அதற்குமேல் வேண்டியதில்லை.